சட்டையை அளந்து ஷெர்வானி ஆர்டர் போட்டேன்... ரிசப்ஷனுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது!

"ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுடலாம்" என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொல்லிவிட, அண்ணன் கல்யாணத்துக்கு மூன்றே வாரம்தான் கிடைத்தது. முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி. முதல்நாள் மாலை ரிசப்ஷனுக்கு ஷெர்வானி. அதைப் பெண் வீட்டில் எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். "மாப்பிள்ளைக்குப் பிடிச்சதா நீயே பார்த்து ஆர்டர் போடும்மா" என்று 14,500 ரூபாயை அனுப்பிவிட்டார் அண்ணியின் அப்பா.

அண்ணனுக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. நான் விழித்திருக்கும்போது அவன் தூங்குவான். எழுப்ப மனமில்லாமல், அவன் சட்டை ஒன்றைக் கட்டிலில் விரித்து டேப் வைத்தேன். ஷோல்டர் 19 அங்குலம், மார்பு 44. ஆன்லைன் கடையில் அதையே தட்டிவிட்டேன்.

பார்சல் வந்தபோது ரிசப்ஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது. போட்டுப் பார்த்தால், அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான் அண்ணன். அளவு கொடுத்துத் தைத்தது என்பதால் திருப்பி அனுப்பவும் வழியில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கோட்டு தைக்கும் மாஸ்டரிடம் ஓடினோம். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் அவர், கையில் வாங்கியதுமே தோள்பட்டையைத்தான் பார்த்தார். "மார்பைப் பிடிச்சுடலாம்மா. ஷோல்டரை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

தவறு எங்கே என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. கடைக்காரர்கள் கேட்டது உடம்பின் அளவை. நான் கொடுத்தது சட்டையின் அளவு. அண்ணனின் மார்பு 40 அங்குலம்தான். சட்டையில் ஏற்கெனவே 4 அங்குலம் தளர்வு இருக்கிறது. அதை உடம்பு அளவென்று நினைத்து, அவர்கள் மேலும் 4 அங்குலம் விட்டு 48-ஆகத் தைத்துவிட்டார்கள். ஷோல்டரும் அப்படித்தான். அந்தச் சட்டையின் தோள் தையல் கைப்பக்கம் இறங்கி நிற்கும். எலும்பிலிருந்து எலும்புவரை முதுகுப் பக்கம் அளந்தால் அவனுக்கு பதினேழரைதான்.

கோட்டில் கை நீளத்தைக் குறைக்கலாம். இடுப்பைப் பிடிக்கலாம். உள்ளே துணி விட்டிருந்தால் ஓரங்குலம் பிரித்தும் விடலாம். ஷோல்டரைக் குறைக்க வேண்டுமானால் கையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பேடையும் கேன்வாஸையும் பிரித்து, மறுபடி வெட்ட வேண்டும். தோளில் இருக்கும் எம்பிராய்டரி அதோடு போய்விடும். ஷெர்வானியின் நீளமும் இதேபோலத்தான். கீழே பார்டர் வேலைப்பாடு இருந்தால் ஓர் அங்குலம்கூட வெட்ட முடியாது.

ஒன்பது நாளில் எம்பிராய்டரி வேலை நடக்காது. அதனால் வேலைப்பாடு இல்லாத அடர்நீலத் துணியில் பந்த்கலா என்று முடிவானது. ஜோத்பூரி கோட்டு என்போமே, அதுதான். கழுத்தை மூடி நிற்கும் காலர்தான் அதற்கு அழகு. அந்தக் காலர்தான் ஆபத்தும். உள்ளே விறைப்பான கேன்வாஸ் வைத்துத் தைத்துவிடுவதால், இறுகினால் பெரிதாக்க முடியாது. கொக்கியைக் கால் அங்குலம் நகர்த்தலாம், அவ்வளவுதான். மாஸ்டர் கழுத்தின் அடியில் டேப்பைச் சுற்றி, தன் ஒரு விரலை உள்ளே விட்டு அளந்தார்.

வயிற்றை நிற்கவைத்து ஒருமுறை, உட்காரவைத்து ஒருமுறை அளந்தார். உட்கார்ந்தபோது ஒன்றரை அங்குலம் கூடியது! "மேடையில் மாப்பிள்ளை ரெண்டு மணி நேரம் உக்காரணுமே" என்று சிரித்தார். அண்ணனின் வலது தோள் அரை அங்குலம் தாழ்ந்திருப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். கூடவே வளர்ந்த எனக்கே தெரியாது. இதையெல்லாம் எந்தச் சட்டை சொல்லும்?

ஐந்தாம் நாள் ட்ரையல். காலரையும் கையையும் முழுதாகத் தைக்காமல் நூலோட்டி மட்டும் வைத்திருந்தார். "எச்சில் முழுங்குங்க சார், ரெண்டு பக்கமும் திரும்புங்க, கையைத் தூக்குங்க" என்றார். கையைத் தூக்கியபோது கோட்டு மொத்தமும் மேலேறவே, அக்குள் பக்கம் சரிசெய்தார். இந்த ட்ரையலுக்கு நாள் ஒதுக்காமல் கோட்டு தைக்கக் கொடுக்காதீர்கள். எட்டாம் நாள் கோட்டு கைக்கு வந்தது.

அந்த 14,500 ரூபாய்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ரிசப்ஷனுக்கு முன்பே அண்ணியின் அப்பாவுக்கு போன் செய்து, "மாமா, நான்தான் தப்பான அளவு கொடுத்துட்டேன்" என்றேன். ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "மாப்பிள்ளையை எழுப்பி அளந்திருக்கலாமேம்மா" என்றார்.

தையல் கூலியையும் துணிக் காசையும் நான்தான் கொடுத்தேன். ஷெர்வானி பீரோவில் இருக்கிறது, தோள் அகலமான யாராவது வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரும்வரை.