ஏட்டில் ஏறும் நாமாவளி

பஜனை நடைபெறும் இல்லங்களில் நாமாவளிப் புத்தகம் இருக்கும். அதில் பகவந் நாமங்கள் பிழையின்றி அச்சாகியிருக்கும்; தலைப்பில் ‘ராகம்: மோகனம், தாளம்: ஆதி’ என்றும் காணப்படும். ஆயினும் அந்த வீட்டுப் பாட்டியார் அதை எந்த மெட்டில் பாடினார் என்பது புத்தகத்தில் இராது. அவர் குரல் ஓய்ந்த பின் சொற்கள் எஞ்சும், மெட்டு மறைந்துவிடும். பாடுபவர் இருக்கும்போதே அதை ஸ்வரப்படுத்தி வைப்பதற்குப் பெரிய சங்கீத ஞானம் வேண்டுவதில்லை. ஸரளி வரிசை தெரிந்த ஒருவரும், ஓர் ஆர்மோனியமும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

முதலில் எந்த மெட்டை எழுதலாம் என்று தேர்ந்துகொள்ள வேண்டும். தோடியின் காந்தாரத்தை ‘க’ என்று ஏட்டில் எழுதிவிடலாம். பாடும்போதோ அது அசைந்து அசைந்துதான் உருப்பெறும். அந்த அசைவே கமகம். சுப்பராம தீக்ஷிதர் 1904ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’யில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகளை அமைத்தார். அவற்றைப் படிப்பதற்கே பயிற்சி வேண்டும். ஆகவே குருவில்லாமல் பாடப் போகிறவருக்கு, ஸ்வரங்கள் நேராக நின்றாலும் மெட்டு கெடாத நாமாவளியே ஏற்றது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வர ஸாஹித்யங்கள் சிறுவர்க்கும் எளிதில் வருவதற்கு, அவை பெரும்பாலும் கமகமின்றி நேர் ஸ்வரங்களில் அமைந்திருப்பதே காரணம்.

உதாரணத்துக்கு, மோகனத்தில் ‘கேசவா மாதவா, கோவிந்தா ஸ்ரீதரா’ என்று நான்கு நாமங்களை மட்டும் கொண்ட ஒரு மெட்டை எடுத்துக்கொள்வோம். ஏட்டின் தலைப்பில் ராகத்தின் பெயரோடு நின்றுவிடாமல், அதில் வரும் ஐந்து ஸ்வரங்களையும் எழுத வேண்டும்: ஸ ரி க ப த. ம, நி இரண்டும் இல்லை. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை ஸ என்று கொண்டால் இந்த ஐந்தும் வெள்ளைக் கட்டைகளிலேயே அமையும். முதல் மூன்று வெள்ளைக் கட்டைகள் ஸ ரி க. நான்காவதைத் தாண்டினால் அடுத்த இரண்டும் ப, த. இவ்வளவையும் எழுதிவிட்டால், சதுச்ருதி, அந்தரம் என்னும் பெயர்களை அறியாதவரும் ஸ்வரத்தின் இடத்தைத் தவறவிடமாட்டார்.

அடுத்தது தாளம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. அடி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பின் அடி, திருப்பு. மீண்டும் அடி, திருப்பு. ஏட்டில் எட்டுக் கட்டங்கள் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டியார் பாடப் பாட, எந்த எழுத்து எந்த விரலில் விழுகிறது என்று கவனித்து முதலில் நாமங்களைக் கட்டங்களில் இடுவது எளிது. ஸ்வரங்களைப் பிறகு ஆர்மோனியத்தில் ஒவ்வொன்றாகத் தேடி மேல்வரியில் எழுதலாம். எங்கிருந்து தேடுவது என்று திகைக்க வேண்டியதில்லை. மெட்டு முடிந்து குரல் அமைதியாக நிற்கும் இடம் பெரும்பாலும் ஸ தான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே வரும். நமது மெட்டு இவ்வாறு அமைகிறது:

க – க – ப – , | த – ப | க – , ||
கே – ச – வா – , | மா – த | வா – , ||

ரி – க – ப – , | க – ரி | ஸ – , ||
கோ – விந் – தா – , | ஸ்ரீ – த | ரா – , ||

கமா இட்ட கட்டத்தில் புதிய ஸ்வரம் இல்லை. முந்தைய ஸ்வரமே நீள வேண்டும். இசை நூல்களில் இரண்டு எண்ணிக்கை நீளும் ஸ்வரத்தைப் பா, கா என்று நெடிலாகவும் எழுதுவர். புதிதாகக் கற்பவருக்குக் கமாவே தெளிவு. கட்டம் ஒன்றும் வெறுமையாக நிற்காது. ஒரு கட்டத்தில் இரு ஸ்வரங்கள் வந்தால் இரண்டையும் சேர்த்து எழுதி அவற்றின் மேல் ஒரு கோடு இட வேண்டும். ஒவ்வொரு வரியையும் முடித்தபின் கட்டங்களை எண்ணிப் பார்ப்பது அவசியம். எட்டு வரவில்லையென்றால் எங்கோ ஒரு கமா விடுபட்டிருக்கும், அல்லது மிகுந்திருக்கும்.

தமிழில் எழுதும்போது வரும் குழப்பம் ஒன்று உண்டு. ‘மாதவா’ என்னும் நாமத்தில் மா, த என்ற எழுத்துகள் இருக்கின்றன. அவை ஸ்வரங்களின் பெயர்களும் ஆகும். மோகனத்தில் மத்யமமே கிடையாது. ஆனாலும் புதியவர் ‘மா’வைக் கண்டதும் மத்யமத்தைப் பிடிக்கக்கூடும். ஆகவே ஸ்வரங்களைச் சிவப்பு மையிலும் நாமங்களைக் கறுப்பு மையிலும் எழுதுவது நலம். அவ்வாறே மேல் ஸ்தாயி ஸ்வரத்தின் தலையில் இடும் புள்ளி, தமிழெழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளி போலத் தோன்றும். நமது மெட்டு த வரை மட்டுமே ஏறுவதால் அந்தத் தொல்லை இல்லை. மேலே ஏறும் மெட்டானால் ‘தலைப்புள்ளி மேல் ஸ்தாயி’ என்று ஏட்டின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

பாடுகிறவரிடம் நேரும் பிழை பெரும்பாலும் நெடிலில்தான். ‘கே’ நெடிலாயிற்றே என்று அதை இரண்டு எண்ணிக்கை நீட்டிவிடுவார். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ‘மாதவா’வின் ‘மா’ ஐந்தாம் எண்ணிக்கையாகிய அடியில் விழ வேண்டும்; அது திருப்பில் விழுந்தால் முன்னே ஓர் எழுத்து நீண்டுவிட்டது என்று பொருள். நீளத்தைச் சொல்வது மேல்வரியே. கீழ்வரியின் குறில் நெடில் அன்று. ‘விந்’ என்ற இடத்திலும் கவனம் தேவை. குரல் ‘வி’யில் நின்று, கடைசியில்தான் ‘ந்’ என்று மூட வேண்டும். முன்னதாகவே மூடிவிட்டால் காந்தாரம் கேட்காது, மூக்கொலியே கேட்கும்.

பாடத் தொடங்குமுன் சுருதியை அமைத்துக்கொள்ள வேண்டும். இந்த மெட்டின் உச்சம் த. வரிசையாக ஸ முதல் த வரை பாடி, த சிரமமின்றி வந்தால் அந்தச் சுருதியே பொருத்தம். தொண்டை இறுகினால் ஸ்ருதிப் பெட்டியை ஒரு கட்டை தாழ்த்திக்கொள்ளலாம். ஸ்வரங்கள் மாறா; தொடங்கும் இடமே மாறும். ஆர்மோனியத்தில் மட்டும் கறுப்புக் கட்டைகள் இடையே வரக்கூடும். அதன்பின் தாளமிட்டு ஸ்வர வரியை மட்டும் பலமுறை பாடி, அது நாவில் படிந்த பிறகே நாமங்களைச் சேர்க்க வேண்டும்.

எழுதியது சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அந்த மெட்டை ஒருபோதும் கேட்டிராத ஒருவரிடம் ஏட்டைக் கொடுத்துப் பாடச் சொல்லி, பாட்டியாரை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்ய வேண்டும். மெட்டைத் தெரிந்தவர் பாடினால், ஏட்டில் உள்ள குறையைத் தம் நினைவாலேயே நிரப்பிவிடுவார், குறை தெரியாது. தெரியாதவர் தடுக்கும் இடந்தோறும் ஏட்டைத் திருத்த வேண்டும். ஸ்வரம் சரியாக இருந்தும் பாட்டியார் தலையசைக்க மறுக்கும் இடங்கள் ஒன்றிரண்டு இருக்கலாம். அவர் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கி ஏறுவது போன்ற நுட்பங்கள் அங்கே இருக்கும். அவற்றைக் குறியில் அடைக்க முயலாமல், ‘இங்கே ரியிலிருந்து இழுத்துப் பாடுக’ என்று ஓரத்தில் தமிழிலேயே எழுதிவிடலாம்.

ஏட்டின் அடியில், யார் பாடக் கேட்டு, எந்தத் தேதியில் எழுதியது என்பதையும் குறித்துவிட வேண்டும். ஒரே நாமாவளி அடுத்த ஊரில் வேறு விதமாகப் பாடப்படலாம். இரண்டும் சரியே, இது இன்னாருடைய பாடாந்தரம் என்று தெரிந்திருந்தால், பின்வருவோர் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்திவிடமாட்டார்கள்.