தலையாட்டியதும் எழுதியதும்

பாடனில் கடை திறந்தபோது முதலில் உதவிக்கு வந்த தம்பியிடம், "மணிக்கு 26 பிராங், லீவுக் காசும் அதுக்குள்ளதான்" என்றேன். அவர் தலையாட்டினார். வாரத்துக்கு வாரம் நேரம் மாறும் வேலை. ஊர்ப் பிள்ளைக்குக் கடிதம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

விலகியபோது, "அண்ணை, லீவுக் காசு தரேல்லையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கணக்குப் பார்க்கும் நண்பர் விளங்கப்படுத்தினார்: வாய்ப்பேச்சு வேலையும் சுவிஸ் சட்டப்படி செல்லும். ஆனால் விடுமுறைச் சம்பளத்தைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தால், ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் அதைத் தனியாகக் காட்டவேண்டும். நான்கு வார விடுமுறைக்கு அது 8.33 வீதம். அவர் உழைத்தது 12,000 பிராங். ஏறக்குறைய 1000 பிராங்கை மறுபடி கொடுத்தேன். அவர் பொய் சொல்லவில்லை; நான் சொன்னது அவர் நினைவில் இல்லை.

அடுத்து இருவரைச் சேர்த்தபோது கடிதம் எழுதினேன். பெயர்கள், தொடங்கும் நாள், வேலை, சம்பளம், வார நேரம்: இவற்றை ஒரு மாதத்துக்குள் எழுத்தில் கொடுப்பது சட்டம். சம்பளத்தை 24 பிராங், விடுமுறைக்கு 2 பிராங் என்று பிரித்தேன். பரீட்சைக் காலம் மூன்று மாதம் என்றேன். எழுதாவிட்டால் ஒரு மாதம்தான். அதற்குள் விலகவோ விலக்கவோ இருவருக்கும் ஏழு நாள் அவகாசம்.

வாசித்த தங்கச்சி கேட்டார்: "கடை பூட்டின பிறகு கூட்டித் துடைக்கிற அரை மணித்தியாலம்?"

நான் அதை யோசித்ததே இல்லை. பேனையை எடுத்து, அதுவும் வேலை நேரம் என்று எழுதி, இருவரும் ஒப்பமிட்டோம்.