பெற்றுப் பிறந்த மண்

எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் பாட்டுக் கேட்பதற்காக வந்ததுதான். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் வந்த வாரமே அது சித்தப்பாவின் அறைக்குப் போய்விட்டது. சித்தப்பா திருச்சி வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர். மாதத்தில் சில நாள் அழைப்பு வரும். பாபநாசத்தில் ரயிலேறிப் போய், இரவு தங்கி, மறுநாள் திரும்புவார். அந்த நிலையம் 1939இல் தொடங்கியது. எங்கள் அப்பாவும் அந்த ஆண்டு பிறந்தவர். ‘எனக்கும் அதுக்கும் ஒரே வயசு, அது மட்டும் இன்னும் கத்திக்கிட்டே இருக்கு’ என்று அப்பா சொல்வார்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, 1983 என்று நினைவு, பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. விருந்தினர் எங்கள் பள்ளியிலேயே படித்த டாக்டர். அறிமுக உரையைத் தமிழய்யா எழுதிக் கொடுத்தார். ஒரு முழுத்தாள் அளவு. அதில் பாதியை ஒரே வாக்கியம் அடைத்துக்கொண்டிருந்தது:

“இதே பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்காகத் தஞ்சாவூர் சென்று மருத்துவப் பட்டம் பெற்றுப் பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்து ஏழை எளிய மக்களுக்குத் தொண்டாற்றிக்கொண்டிருக்கும் நம் சிறப்பு விருந்தினர் டாக்டர் …… அவர்களை வருக வருக என வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.”

பெயர் இருந்த இடத்தில் இங்கே புள்ளி வைத்திருக்கிறேன்.

சித்தப்பா தாளை வாங்கிப் பார்க்கவில்லை. “முதல்ல படி, பதிஞ்சுக்கலாம்” என்றார். சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். நான் படித்தேன். திருப்பிப் போட்டார். பெட்டியிலிருந்து யாரோ மூக்கடைத்த பையன் பேசினான். அது நான் இல்லை என்று சாதித்தேன். “நீ பேசறப்ப உன் குரல் காத்து வழியா மட்டுமில்லடா, மண்டை எலும்பு வழியாவும் உன் காதுக்குப் போவுது. அதனால உனக்குக் கனமாக் கேக்கும். ஊருக்குக் கேக்கறது இதுதான்” என்றார். முதல் தடவை கேட்கும்போது கையில் பென்சில் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். முதல் தடவை குரலைப் பற்றிய வெட்கம் போவதற்கு மட்டும். அடுத்த தடவைதான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று காது கேட்க ஆரம்பிக்கும்.

அப்படிக் கேட்டபோதுதான் அது விழுந்தது. ‘பெற்றுப்பிறந்த மண்’. சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்து, “யாரைப் பெத்து யாருடா பொறந்தது?” என்றாள்.

தாளில் படிக்கும்போது கண் முன்னால் ஓடி, பட்டம் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்கிறது. காதுக்கு அந்த வசதி இல்லை. சித்தப்பா அப்போதுதான் இரட்டை நிறப் பென்சிலை எடுத்தார். ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. நீலம் நிறுத்தங்களுக்கு, சிவப்பு அழுத்தத்துக்கு. சாய்ந்த ஒற்றைக் கோடு என்றால் நின்றும் நில்லாமலும் போவது, மூச்சு வாங்கக் கூடாது. இரட்டைக் கோடு என்றால் முழுதாக நிற்பது. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வரிக்கு மேலே ஒரு சின்ன டிக். இரண்டு சொல் பிரியவே கூடாது என்றால் அடியில் தொட்டில் மாதிரி ஒரு வளைவு.

வளைவை எங்கே போடுவது என்று கண்டுபிடிக்க அவர் காட்டிய வழியை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. ‘ஒற்று எங்க மிகுதுன்னு பாரு’ என்றார். உயர்கல்விக்காகத் தஞ்சாவூர், மருத்துவப் பட்டம், மக்களுக்குத் தொண்டாற்றி. த் என்று நாக்கு பல்லில் ஒட்டியதும் அடுத்த தஞ்சாவூரில்தான் அது விடுபடும். ப் என்று மூடிய உதடு பட்டத்தில்தான் திறக்கும். நடுவில் நிறுத்தினால் ‘உயர்கல்விக்காகத்’ என்று வாய் பாதியில் தொங்கும். எனவே ஒற்று மிகுந்த இடமெல்லாம் வளைவு. அதற்கு மறுபக்கமும் உண்டு. நிறுத்தித்தான் ஆகவேண்டிய இடத்தில் ஒற்று இருந்தால், ஒற்று போக வேண்டும். ‘பெற்றுப் பிறந்த’வில் இருந்த ப்பைச் சித்தப்பா நீலத்தால் அடித்துவிட்டு, அங்கே இரட்டைக் கோடும் டிக்கும் போட்டார்.

எனக்குக் கலவரம். தமிழய்யா வைத்த ஒற்றை அடிப்பதா? மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “அங்கே காற்புள்ளி வைத்துவிட்டால் ஒற்று வேண்டாம். இலக்கணம் இடம் கொடுக்கிறது” என்று தன் பச்சை மையால் காற்புள்ளி வைத்தார். சித்தப்பாவின் நீலத்துக்குப் பக்கத்தில் அவருடைய பச்சை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரு வாக்கியத்தைச் செப்பனிட்டார்கள்.

அடுத்த சிக்கல் மூச்சு. நான் இயல்பாக மூச்சு வாங்கிய இடம் ‘தொண்டாற்றிக்கொண்டிருக்கும்’ என்ற சொல்லுக்குப் பின்னால். அவ்வளவு நீளச் சொல்லைச் சொல்லி முடித்தால் யாருக்குத்தான் தீராது? சித்தப்பா நாடாவை நிறுத்தினார். “இங்க ஏன் வாங்குன?” “தீந்துடுச்சு சித்தப்பா.” “தீர்ற இடத்துல வாங்கக் கூடாது. தீர்றதுக்கு முன்னாடி, வாக்கியம் விடற இடத்துல வாங்கணும்.” தொண்டாற்றிக்கொண்டிருப்பது யார் என்ற கேள்வி எழும்பி நிற்கிறது, பதில் அடுத்த சொல்லில் இருக்கிறது. அங்கே மூச்சு வாங்கினால் கேட்கிறவனும் நம்மோடு சேர்ந்து திணறுவான். பயின்று, சென்று, பெற்று, வந்து என்று வினையெச்சத்தில் முடியும் இடங்கள் வேறு மாதிரி. ஒரு காரியம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது, அங்கே நிற்கலாம். ஆனால் நான்கிலும் மூச்சு வாங்கினால் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். அதனால் பயின்று, சென்று இரண்டுக்கும் ஒற்றைக் கோடு. பெற்று, வந்து இரண்டுக்கும் இரட்டைக் கோடும் டிக்கும். ‘வந்து’வில் வாங்கும் மூச்சு ‘விருந்தினர்’ வரைக்கும் தாங்க வேண்டும் என்பதால் அந்த டிக்கை மட்டும் பெரிதாகப் போட்டார்.

மூச்சை எப்படி வாங்குவது என்பதையும் அந்தப் பெட்டிதான் காட்டிக் கொடுத்தது. அந்த ரிக்கார்டரில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது, அதுவே பார்த்துக்கொள்ளும். நாம் பேசும்போது தாழ்த்திக்கொள்ளும், பேச்சு நின்றதும் ஏதாவது கேட்கிறதா என்று தன் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளும். அதனால் என் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மின்விசிறியின் கரகரப்பும் சுவர்க் கடிகாரமும் எழுந்து வந்தன. அவற்றுக்கு மேலாக, உறிஞ்சுவதுபோல் என் மூக்கு. வாயை லேசாகத் திறந்து, தோள் ஏறாமல், விலா எலும்பு விரிய வாங்கினால் அந்தச் சத்தம் இல்லை. விலாவில் கைவைத்துப் பழகினேன். கடிகாரச் சத்தத்துக்கும் ஒரு பயன் இருந்தது: இரட்டைக் கோட்டில் அது ஒருமுறையாவது அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

சிவப்பு முனையைச் சித்தப்பா கஞ்சத்தனமாகத்தான் தந்தார். முழு வாக்கியத்துக்கும் மூன்றே அடிக்கோடு. எல்லாச் சொல்லையும் அழுத்துகிறவன் எதையும் அழுத்துவதில்லை என்பது அவர் கட்சி. ‘இதே’ ஒன்று, ‘மண்ணுக்கே’ ஒன்று. இரண்டிலும் ஏகாரமே வேலையைச் செய்துவிடுகிறது. நாம் உரக்கக் கத்த வேண்டாம், அந்த ஏயை விழுங்காமல் ஒரு இழை நீட்டினால் போதும். மூன்றாவது டாக்டரின் பெயர். அதற்கு அழுத்தம் பெயரில் இல்லை, பெயருக்கு முன்னால் வரும் இரட்டைக் கோட்டில் இருக்கிறது என்றார். கடைசியில் ‘அடைகிறோம்’ என்ற சொல்லுக்கு மேலே ஒரு மேல்நோக்கிய அம்பு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் வாலில் வருகிறது, நம் மூச்சோ தலையிலேயே செலவாகிவிடுகிறது. பதிவு செய்த எல்லாத் தடவையும் என் ‘அடைகிறோம்’ கிணற்றுக்குள் விழுந்திருந்தது. அந்த அம்பு குரலை உயர்த்தச் சொல்லவில்லை. கொஞ்சம் காற்றை மிச்சம் வை என்றது.

நடுவில் ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. பழைய பேட்டரிக்கட்டைகளைப் போட்டுப் பதிந்தோம். மறுநாள் மின்சாரத்தில் போட்டுக் கேட்டால் கோழிக்குஞ்சு கத்துவதுபோல் படபடவென்று ஓடியது. இவ்வளவு வேகமாகவா படித்தேன் என்று பயந்துபோனேன். சித்தப்பா சிரித்தார். வேகம் மட்டும் கூடியிருந்தால் தப்பு உன்னுடையது, குரலும் சேர்ந்து கீச்சென்று ஏறியிருந்தால் தப்பு பேட்டரியுடையது. பதியும்போது நாடா மெதுவாக நகர்ந்திருக்கிறது, இப்போது சரியான வேகத்தில் ஓடுகிறது. அந்தப் பதிவை வைத்து எந்தக் குறியையும் மாற்றக் கூடாது என்று அதை அழித்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின மாலை என்னை மைதானத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று எதிர்க்கோடியில், மாட்டுக்கொட்டகைப் பக்கம். சோதனைக்காக மைக்கைத் தட்டியவர் ‘அலோ’ என்றதும், அந்தக் கோடியிலிருந்து இன்னொரு ‘அலோ’ தாமதமாக வந்தது. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் ஓடும். அந்த ஸ்பீக்கர் எழுபது மீட்டர் தள்ளி இருந்தால், அதன் சத்தம் மேடைக்குத் திரும்ப ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அதற்குள் நாம் அடுத்த அசைக்குப் போயிருப்போம். அறைக்குள் பதிந்து பழகியதால் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. அங்கேயே நின்று ஒற்றைக் கோடுகளில் இரண்டை இரட்டையாக்கினார். மைக்குக்கு நேராக வாய் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பேசச் சொன்னார். இல்லாவிட்டால் ‘பள்ளி’யிலும் ‘பட்ட’த்திலும் வரும் பகரம் ஸ்பீக்கரில் வெடிக்கும்.

விழாவில் ‘மண்ணுக்கே’ வரை குறிகளின் மேலேயே கால்வைத்து நடந்தேன். விருந்தினர், டாக்டர், இரட்டைக் கோடு, பெயர். பெயர் முடிந்த இடத்தில் ஊரே கைதட்டியது. அவர் ஊசி போடாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. தாளில் அதற்கென்று ஒன்றும் போட்டிருக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த சித்தப்பா உள்ளங்கையைக் கவிழ்த்து, ‘இரு’ என்று காட்டினார். தட்டல் பாதிக்கு மேல் இறங்கியதும் அதே கையைத் திருப்பினார். முழுதும் அடங்கும்வரை காத்திருந்தால் கூட்டத்தின் சூடு ஆறிவிடும், உச்சத்தில் பேசினால் ‘அவர்களை’ காணாமல் போய்விடும். இறங்குமுகத்தில் ஏறிக்கொண்டேன்.

இரவு வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்காரும் முன்பு சித்தப்பா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பெயருக்கும் ‘அவர்களை’ என்பதற்கும் நடுவில் நீல முனையால் ஒரு வட்டம் போட்டார். “இது கைதட்டலுக்கு. அடுத்த வருசம் யாரு வந்தாலும் பேருக்குப் பின்னால இதைப் போட்டுக்க.”

“கைதட்டல் வரலைன்னா சித்தப்பா?”

“ஒத்தைக் கோடுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டே இரு.”