பேனைக்கும் குரலுக்கும் சண்டை வரக்கூடாது

பாட வீடியோவுக்கு எப்படிக் குரல் கொடுக்கிறீர்கள் என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நாங்கள் மூன்று கணித ஆசிரியர்கள் சேர்ந்து தரம் 6, 7 பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன வீடியோக்கள் செய்து வட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். மேலே கட்டிய ஒரு போன், வெள்ளைத் தாள், பேனை பிடித்த ஒரு கை, ஒரு குரல். அவ்வளவுதான். ஆசிரியரின் முகம் வராது. பிள்ளையின் முகம் எங்களுக்கும் தெரியாது. வகுப்பில் கண்ணைப் பார்த்தே "இவனுக்கு விளங்கவில்லை" என்று கண்டுபிடித்து நின்றுவிடுவோம். வீடியோவில் அந்த வேலையையும் குரல்தான் செய்ய வேண்டும்.

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறோம்: 2/3 + 1/4.

முதலில் தமிழில் வருகிற ஒரு சிக்கல். 2/3 என்பதை நாம் எப்படி வாசிக்கிறோம்? "மூன்றில் இரண்டு". கீழே உள்ள எண் முதலில், மேலே உள்ள எண் பிறகு. ஆனால் கை எப்படி எழுதுகிறது? மேலே 2, பிறகு கோடு, பிறகு கீழே 3. ஆகவே எழுதிக்கொண்டே பேசினால் வாய் "மூன்றில்" என்று சொல்லும் நேரத்தில் தாளில் 2 விழுகிறது. வாய் "இரண்டு" என்னும்போது 3 விழுகிறது. ஆங்கில வீடியோக்களில் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மேலே உள்ளதை முதலில் சொல்கிறார்கள், முதலில் எழுதுகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து அதே மாதிரி நாமும் செய்தால் எங்கள் பிள்ளைக்குக் காது ஒன்றும் கண் ஒன்றும் சொல்கிறது. பின்னம் ஏற்கனவே நன்றாகத் தெரிந்த பிள்ளை சமாளித்துக்கொள்ளும். தெரியாத பிள்ளைக்காகத்தானே வீடியோ செய்கிறோம்?

இதற்கு எங்களிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று, பின்னம் முதல் தடவை வரும்போது கை பேசாமல் முழுவதையும் எழுதி முடிக்கும். பேனை தாளை விட்டு எழும்பிய பிறகுதான் குரல் வரும்: "இது மூன்றில் இரண்டு." இரண்டாவது, எழுதிக்கொண்டே பேசத்தான் வேண்டும் என்றால் முதலில் கோடு, பிறகு கீழே 3, பிறகு மேலே 2 என்று கை வாயின் வரிசைக்கு வரும். சிலர் "இரண்டின் கீழ் மூன்று" என்று வாசித்துத் தப்பிக்கிறார்கள். அது எழுத்தின் தோற்றத்தைச் சொல்கிறதே தவிர, மூன்று பங்கில் இரண்டு பங்கு என்ற கருத்தைச் சொல்வதில்லை. ஆகவே சின்ன வகுப்புக்கு நாங்கள் அதைப் பாவிப்பதில்லை.

இதனால்தான் எங்கள் ஸ்கிரிப்ட் தாளில் நடுவே ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் கை செய்வது, வலது பக்கம் குரல் சொல்வது. கை எழுதும் வரிக்கு நேரே வலது பக்கம் வெறுமையாக இருந்தால் அங்கே மௌனம் என்று அர்த்தம். மௌனத்தையும் எழுதி வைக்காவிட்டால் பேசுகிறவர் அதை நிரப்பத்தான் பார்ப்பார்: "ஆ... இப்ப நாங்க இதை என்ன செய்யப்போறம் என்டா..."

அடுத்தது வசனம். பாடப்புத்தக நடையில் எழுதினால் இப்படி வரும்: "பகுதியெண்கள் சமனற்ற இரு பின்னங்களைக் கூட்டும்போது அவற்றின் பகுதியெண்களின் பொது மடங்குகளுட் சிறியதைப் பகுதியெண்ணாகக் கொண்ட சமவலுப் பின்னங்களாக அவற்றை மாற்றிக்கொள்ளல் வேண்டும்." கண்ணால் வாசிக்கும்போது பிழையில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் காதால் கேட்கிற பிள்ளை, தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், இத்தனையையும் கையில் ஏந்திக்கொண்டு "மாற்றிக்கொள்ளல்" வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதி கொட்டிவிடும்.

அதையே நாங்கள் இப்படி எழுதுகிறோம்: "கீழே இருக்கிற ரெண்டு எண்ணையும் பாருங்க. ஒன்று மூன்று. மற்றது நாலு. ரெண்டும் வேற வேற. வேறயா இருந்தா நேரே கூட்ட ஏலாது. அப்ப கீழே ஒரே எண் வரவேணும். மூன்றாலயும் பிரியணும், நாலாலயும் பிரியணும். அப்படி எது ஆகச் சின்ன எண்?" ஒரு வசனத்துக்கு ஒரு வினை. அந்த ஒரு வினைக்கு ஒரு கை அசைவு. பன்னிரண்டு என்று விடை வந்த பிறகுதான் "பொது மடங்குகளுட் சிறியது" என்ற பெயரைச் சொல்கிறோம். பரீட்சைத் தாளில் அந்தப் பெயர்தான் வரும். ஆகவே பெயரை விடக்கூடாது, பொருளுக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

எந்தப் பேச்சுத் தமிழ் என்ற கேள்வியும் உண்டு. கல்முனைப் பேச்சு ஒன்று, கண்டிப் பக்கம் வேறு, யாழ்ப்பாணம் வேறு. ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்கு வீடியோ போய்விடும். நாங்கள் பிடித்துக்கொண்ட முறை: வினைச்சொற்கள் பேச்சில், கணிதச் சொற்கள் புத்தகத்தில் உள்ளபடி. "பாருங்க", "எழுதுங்க" என்று சொல்வோம். பகுதியெண், தொகுதியெண் மாறாது. எதைத் தெரிவு செய்தாலும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அதே. முதல் நிமிடத்தில் "பாருங்க", மூன்றாம் நிமிடத்தில் "அவதானியுங்கள்" என்றால் நடுவில் ஆள் மாறிவிட்ட மாதிரி இருக்கும்.

வேகத்துக்கு வருவோம். மெதுவாகப் பேசுங்கள் என்று சொன்னால் எல்லோரும் சொற்களை இழுக்கிறார்கள். "பன்ன்னிரண்ண்டு" என்று இழுத்தால் பிள்ளைக்குத் தூக்கம்தான் வரும். சொல் இயல்பான வேகத்தில் இருக்கட்டும், இடைவெளி கூடட்டும். நாங்கள் முதலில் குரலை மட்டும் பதிவு செய்கிறோம். பிறகு அதைக் காதில் போட்டுக்கொண்டு கை எழுதுகிறது. ஆகவே இடைவெளியின் நீளம் குரல் பதியும்போதே சரியாக இருக்க வேண்டும். அதற்குப் பேசுகிறவர் மடியில் விரலால் அந்தக் கணக்கை எழுதிக்கொண்டே பேசுவார். விரல் எழுதி முடிக்கும்வரை அடுத்த வசனம் வராது. கேள்வி கேட்டால், உதாரணமாக "எட்டும் மூன்றும் எத்தனை?" என்றால், மனதுக்குள் ஒன்று முதல் நான்கு வரை எண்ணுவார். பேசுகிறவருக்கு அந்த நான்கு மிக நீளம். பிள்ளைக்கு அது போதியும் போதாமலும்தான்.

இந்தக் கணக்கு முழுவதும் ஏழு துண்டுகள். கேள்வியை எழுதுவது, கீழே உள்ள எண்களைப் பார்ப்பது, 12 ஐக் கண்டுபிடிப்பது, 2/3 ஐ 8/12 ஆக்குவது, 1/4 ஐ 3/12 ஆக்குவது, கூட்டி 11/12 எடுப்பது, கடைசியில் பிள்ளைக்கு ஒரு பயிற்சி. ஒவ்வொரு துண்டும் தனிப் பதிவு. நடுவில் நாக்குத் தடுக்கினால் பதிவை நிறுத்துவதில்லை. இரண்டு விநாடி மௌனம், ஒரு கைதட்டு, பிறகு அந்த வசனத்தின் தொடக்கத்திலிருந்து திரும்பவும். கைதட்டு எடிட்டிங் திரையில் உயரமான ஒரு கோடாகத் தெரியும், வெட்டும் இடத்தைத் தேட வேண்டியதில்லை. தடுக்கிய சொல்லிலிருந்து தொடர்ந்தால் மட்டும் சரிவராது. வசனத்தின் முதல் பாதியில் குரல் ஒரு உயரத்திலும் மறுபாதியில் வேறு உயரத்திலும் இருக்கும், ஒட்டுப் போட்டது கேட்கும்.

ஒரே வசனத்தில் மூன்று தரம் தடுக்கினால் நாலாவது தரம் பேசுவதில்லை. பேனையை எடுக்கிறோம். அந்த இடத்தில் பிழை நாக்கில் இல்லை, வசனத்தில். "பன்னிரண்டைப் பகுதியெண்ணாகக் கொண்ட பின்னமாக மாற்றுவோம்" என்பது அப்படி ஒரு வசனம். "கீழே பன்னிரண்டு வரவேணும். மூன்றை எதால பெருக்கினா பன்னிரண்டு?" என்று பிரித்துவிட்டால் முதல் தடவையிலேயே போய்விடும்.

ஒரு துண்டை அடுத்த நாள் திரும்பப் பதிய நேர்ந்தால் கவனம். ஆறு பாடவேளை கற்பித்துவிட்டு வந்த குரலும் காலைக் குரலும் ஒன்றல்ல. நாங்கள் சுபஹுக்குப் பிறகு பாடசாலைக்குப் போகமுன் பதிகிறோம், திருத்தமும் அதே நேரத்தில். அதே அறை, பேன் நிறுத்தி, போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில். ஹெட்செட் மைக் என்றால் ஹிஜாபில் உரசாமல் வெளியே. பேசமுன் முந்திய துண்டின் கடைசி இரண்டு வசனங்களைக் கேட்டு, அதே தொனியில் தொடர்கிறோம். சூன் பாண் ஓட்டோ பாட்டோடு வந்தால் அது போகும்வரை இருந்துவிட்டு வசனத்தை முதலிலிருந்து.

தொனியில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறோம். வணக்கம், ஸலாம் சொல்லும் முதல் துண்டைக் கடைசியில் பதிகிறோம். முதலில் பதிந்தால் அது வானொலி அறிவிப்பாளர் மாதிரி உற்சாகமாக இருக்கும், கணக்கு தொடங்கியதும் குரல் விழும். பிள்ளைக்கு "இவருக்கு அலுத்துவிட்டது" என்றுதான் கேட்கும். கடைசியில் பதிந்தால் பாடம் சொன்ன அதே ஆள் வரவேற்பது போல் இருக்கும்.

மற்றது, "இது சரியான ஈஸி", "இது உங்களுக்குத் தெரியும்தானே" என்ற இரண்டையும் ஸ்கிரிப்டில் கண்டால் வெட்டுகிறோம். பேசுகிறவர் தைரியம் கொடுக்கத்தான் சொல்கிறார். ஆனால் இரவில் வாப்பாவின் போனில் மூன்றாம் தடவை பார்த்தும் விளங்காத பிள்ளைக்கு அது "ஈஸியானதே உனக்கு வரவில்லை" என்று கேட்கிறது. அந்த இடத்தில் "இந்த இடத்தில கொஞ்சம் நின்று பாருங்க" என்பது போதும். நின்று பார்ப்பது தன் குறையல்ல, பாடத்தின் ஒரு பகுதி என்று பிள்ளைக்குப் பட்டுவிடும்.

முடிந்ததும் குரூப்பில் போடமுன் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, பேசாமல் பார்க்கிறோம். விளங்கியதா என்று கேட்பதில்லை. கேட்டால் எல்லாப் பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும். விரல் எங்கே பின்னுக்குத் தள்ளுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்கிறோம். 8/12 வருகிற இடத்தில் தள்ளினால் பெரும்பாலும் அங்கே பேனையும் குரலும் ஒன்றையொன்று முந்தியிருக்கும். அந்த ஒரு துண்டை மட்டும் அடுத்த நாள் காலையில் திரும்பப் பேசுகிறோம்.

ஸ்கிரிப்ட் தாளின் மாதிரி வேண்டுமானவர்கள் கீழே சொல்லுங்கள், போட்டோ எடுத்து அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.