சீட்டில் இருப்பது

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தங்கியவர்களுக்கு அந்தச் சீட்டு நினைவிருக்கும். வேலை முடிந்து ராத்திரி வந்தால் மேனேஜர் மேஜைக்குப் பின்னால் அறை எண் போட்ட மரக்கட்டத்தில் மடித்து வைத்திருக்கும். அறையில் போன் கிடையாது. ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் மேனேஜர்தான் எடுத்து எழுதி வைப்பார்.

என் சித்தப்பா அப்படி ஒரு மேன்ஷனில் மேனேஜராக இருந்தார். வரிசை எண் அச்சிட்ட இரட்டைப் பிரதி புத்தகத்தில் எழுதுவார். மேல்தாள் கிழிந்து மரக்கட்டத்துக்குப் போகும், கார்பன் பிரதி புத்தகத்திலேயே தங்கும். 1997ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்றை, கார்பன் மங்கிக்கொண்டே வருகிறது என்று, என்னிடம் கொடுத்து டைப் செய்யச் சொன்னார். ஒரு சீட்டுக்கு ஒரு வரி: கூப்பிட்டவர், நேரம், செய்தி, திரும்ப அழைக்கும் எண். அதோடு பதினாலாம் நம்பர் அறையில் இருந்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய அப்பா போன அன்று ஊரிலிருந்து முதல் போன் எத்தனை மணிக்கு வந்தது?

நாலு கட்டத்தில் சுலபமானது எதுவுமில்லை. நேரத்தில் '8.30' என்று மட்டும் இருக்கும், காலையா ராத்திரியா தெரியாது. தேதியோ அன்றைய முதல் சீட்டில் மட்டும். அங்கே கைகொடுப்பது வரிசை எண். 8.30 சீட்டுக்கு முந்தைய எண்ணில் 'மாலை 5' என்றும் அடுத்ததில் 'இரவு 9' என்றும் இருந்தால் அது இரவுதான். ராத்திரியில் எஸ்.டி.டி. கட்டணம் குறைவு, அதனால் ஊர் போன்கள் அப்போதுதான் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்து மட்டும் 'இரவு' என்று போடக்கூடாது. பக்கத்துச் சீட்டு சொன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் போடலாம். சொல்லாவிட்டால் '8.30' என்றே விட்டுவிட வேண்டும்.

எண்ணில் வேறு சிக்கல். கார்பனில் 1ம் 7ம் ஒன்றுபோலவே இருக்கும். பேனாவை அழுத்தாமல் எழுதிய 4, 9 மாதிரித் தெரியும். பாதிக்கு மேல் 'பி.பி.' எண்கள், அதாவது பக்கத்து வீட்டிலோ மளிகைக்கடையிலோ இருக்கிற போன். அங்கே கூப்பிட்டு, ஆளை அழைத்துவரச் சொல்லி, பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். சித்தப்பா 'பி.பி. கடை, 10 நிமி.' என்று எண்ணை ஒட்டியே எழுதியிருப்பார். அதைச் செய்திக் கட்டத்துக்குத் தள்ளினால் எண் மட்டும் தனியாக நிற்கும். அந்த எண்ணில் கூப்பிட்டால் கடைக்காரர்தான் கிடைப்பார். அதனால் எண்ணோடே வைத்தேன்.

பதினாலாம் அறைக்கு அன்று மூன்று சீட்டுகள். அவற்றில் இரண்டில் தஞ்சாவூர் கோடு, ஒரே எண். முதல் சீட்டில் நாலாவது இலக்கம் 1ஆ 7ஆ தெரியவில்லை. மூன்றாவதில் 7 தெளிவாக இருந்தது. முந்தைய வாரச் சீட்டு ஒன்றிலும் அதே எண், அங்கேயும் 7. அதற்குப் பிறகுதான் [7] என்று போட்டேன். எண்களை இங்கே விட்டுவிட்டு மற்றதைத் தருகிறேன்:

அண்ணன் | மாலை 6.10 | திரும்பக் கூப்பிடவும் | பி.பி. கடை, 10 நிமி.

அண்ணன் | 7.40 [இரவு] | மறுபடி கூப்பிட்டார் | எண் இல்லை [கையெழுத்து வேறு]

அண்ணன் | இரவு 9.15 | அப்பா சீரியஸ். உடனே கிளம்பவும் | பி.பி. கடை

இரண்டாவது சீட்டை மெஸ் சமையல்காரர் எழுதியிருக்கிறார். அவர் போனில் பேசிக்கொண்டே எழுதினாரா, பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினாரா என்று சித்தப்பாவுக்கே நினைவில்லை. ஆகவே 7.40 என்பது போன் வந்த நேரமா, எழுதிய நேரமா என்பது திறந்தே இருக்கிறது. 'கையெழுத்து வேறு' என்ற குறிப்பு அதற்காகத்தான்.

மூன்றாவதில் தட்டச்சு நின்றுவிட்டது. 'சீரியஸ்' என்றால் ஊர்வழக்கில் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ராத்திரி தனியாகப் பஸ்ஸில் வரப்போகிற பிள்ளையிடம் யாரும் 'போயிட்டார்' என்று சொல்லமாட்டார்கள். "அப்பவே முடிஞ்சிருக்கும் சித்தப்பா, அடைப்புக்குறியில போடட்டுமா?" என்று கேட்டேன்.

"போன்ல என்ன சொன்னாங்களோ அதத்தான்டா எழுதினேன். அவங்க அண்ணன் அழுதுக்கிட்டேதான் பேசினார். ஆனா சொன்னது சீரியஸ்னுதான்."

அழுதது சீட்டில் இல்லை. அது நாலு கட்டத்தில் எதிலும் வராது. வரிக்குக் கீழே 'மேனேஜரின் பிற்கால நினைவு' என்று தேதி போட்டுத் தனியாக எழுதினேன்.

மூன்று வரிகளையும் அப்படியே அவருக்கு அனுப்பினோம். ராத்திரி பத்தரைக்கு அறைக்கு வந்தவர், மூன்று சீட்டையும் ஒன்றாகத்தான் எடுத்திருக்கிறார். மேலே இருந்த கடைசிச் சீட்டைப் படித்ததும் ஓடியதால் மற்ற இரண்டை அவர் பார்க்கவே இல்லையாம். "ஆறு பத்துக்கே கூப்பிட்டிருக்கார்" என்றார் போனில். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அதுல சீரியஸ்னு இல்லையே?"

இல்லை என்றேன். திரும்பக் கூப்பிடவும் என்றுதான் இருக்கிறது.