தீப்பெட்டி நாணயம்

உலகத்தை அழிப்பது மிகவும் சுலபமான காரியம். ஒரு வாரப் பத்திரிகையில் நான் தொடங்கிய தொடர்கதையின் முதல் அத்தியாயத்திலேயே அதைச் செய்து முடித்துவிட்டேன். மின்சாரம் போயிற்று, வங்கி போயிற்று, ரயில் போயிற்று, சர்க்கார் போயிற்று. மிஞ்சியவர்கள் முந்நூறு பேர். எங்கள் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மதில் சுவருக்குள் அவர்களைக் குடியேற்றினேன். அறுபது அடுப்பு எரிகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் வினை பிடித்தது. அழிப்பதற்கு ஒரு அத்தியாயம் போதும். மிஞ்சினவர்களுக்குச் சோறு போட இருபது அத்தியாயம் போதவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் என் கதாநாயகன் தன் தங்கச் சங்கிலியைக் கொடுத்து இரண்டு ஆடு வாங்குகிறான். கையெழுத்துப் பிரதியை என் மனைவிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, தயிர் வாங்க வந்த எங்கள் தெரு மளிகைக்கடை அத்தை திண்ணையில் நின்று கேட்டுவிட்டார்.

"ஏனுங் தம்பி, அந்த ஆட்டுக்காரன் சங்கிலிய வெச்சுட்டு என்னங்க பண்ணுவான்?" என்றார்.

"விற்பான், அத்தை."

"ஆருக்குங்?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. தங்கத்தை வாங்கிக்கொள்ளப் பின்னால் ஒருவன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் முன்னால் ஒருவன் அதை வாங்குகிறான். அந்தக் கடைசி ஆளை நான் முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிட்டேன்!

சரி, தங்கம் வேண்டாம், துணி இருக்கட்டும் என்று எண்ணினேன். திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? ஆனால் அதுவேதான் தடை. குடோன் குடோனாகக் கிடக்கிற பனியனைக் கொடுத்து யாரிடம் எதை வாங்குவது? கையை நீட்டினால் கிடைப்பது நாணயம் ஆகாது. அடுத்தபடியாக உப்பை நினைத்தேன். சங்க காலத்து உமணர்கள் வண்டி கட்டிப் போய் நெல்லுக்கு மாற்றிய சரக்கு அல்லவா? சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாக உப்பு அடுக்கி வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். கதையில் அதை எழுதியும்விட்டேன். நல்லவேளையாக, சாயப்பட்டறை ஒன்றில் மாஸ்டராக இருக்கும் நண்பர் அச்சுக்குப் போகுமுன் படித்தார்.

"எல்லா மூட்டையும் சமையல் உப்பு இல்லீங்க. பாதிப் பட்டறையில கிளாபர் உப்புத்தான் போடறோம். அத உங்க ஆளுங்க குழம்புல போட்டா ரெண்டு நாளைக்கு வெளிய தெருவுக்கு ஓடிட்டே இருப்பாங்க" என்று சிரித்தார். கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்பேட். பார்வைக்கு வெள்ளை வெளேரென்றிருக்கும். நாக்கில் வைத்தால் கசக்கும். பேதி மருந்தாகவே ஒரு காலத்தில் கொடுத்ததுண்டு. என் கதையில் கள்ள நாணயம் என்று ஒன்று வேண்டுமானால் இதைவிடச் சிறந்தது எனக்குக் கிடைக்காது. ஒவ்வொரு பிடி உப்பையும் நக்கிப் பார்த்து வாங்குகிற சந்தையை ஒரு பக்கம் எழுதி மகிழ்ந்தேன். ஆனால் அந்தச் சந்தை வேகமாக நடக்காது என்பதும் எழுதும்போதே புரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய கட்டுரை என் கைக்கு வந்தது. ராட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியாகச் சிக்கி, விடுதலையான 1945-ஆம் ஆண்டிலேயே முகாமின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதியது. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பும் பொட்டலங்களில் டப்பாப் பால், ஜாம், வெண்ணெய், பிஸ்கட், சர்க்கரை எல்லாம் ஏறக்குறைய எல்லோருக்கும் சமமாக வரும். சமமாகக் கிடைத்த இடத்தில் வியாபாரம் எதற்கு என்று நாம் கேட்போம். ஒருவனுக்கு ஜாம் பிடிக்கும், ஒருவனுக்குப் பிடிக்காது. அது போதும் சந்தை முளைக்க. முதலில் பொருளுக்குப் பொருள் மாற்றினார்கள். கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்கும் சிகரெட்டில் விலை சொல்லத் தொடங்கினார்கள். பிடிக்காதவன்கூட அதை வாங்கிக்கொண்டான், பிடிக்கிறவன் பக்கத்தில் இருக்கிறான் என்று தெரியுமாதலால்.

அந்த முகாம் வாழ்க்கையில் நம்மவர்களும் வருகிறார்கள். இந்தியச் சிப்பாய்களின் பகுதியில் இருந்த சீக்கியர்களுக்கு டப்பா மாட்டிறைச்சி வேண்டியதில்லை. உருது தெரிந்த ஒரு வெள்ளைக்காரர் அங்கே போய் அந்த இறைச்சியை வாங்கி, பதிலுக்கு வெண்ணெயும் ஜாமும் கொடுத்து லாபம் பார்த்தார். அவருடைய முதலீடு பாஷை ஒன்றுதான். விஷயம் பரவிப் பலரும் அந்த வியாபாரத்தில் இறங்கிய பிறகு விலைகள் நெருங்கி வந்தன. ஆனாலும் பாஷை குறுக்கே நின்றதால் கடைசி வரையில் முழுக்க ஒன்றாகவில்லையாம். இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதனால் ஒரு சங்கடம் உண்டு, பின்னால் சொல்லுகிறேன்.

சிகரெட்டுக்குப் பதிலாக எங்கள் ஊருக்கு நான் தேர்ந்தெடுத்தது தீக்குச்சி. ஒவ்வொரு அடுப்புக்கும் வேண்டும், எண்ணலாம், மடியில் கட்டிக்கொள்ளலாம், ஒன்று இரண்டாகவும் கொடுக்கலாம், பெட்டியாகவும் கொடுக்கலாம். இடிந்த மொத்தக் கடை ஒன்றில் முந்நூறு பெட்டி கிடைத்ததாக வைத்தேன். பெட்டிக்கு நாற்பது குச்சி, ஆக 12,000. அறுபது அடுப்புக்குப் பெட்டிகளைப் பங்கிட்டாயிற்று. ஒரு படி ராகிக்கு 20 குச்சி என்று விலை படிந்தது.

இங்கேதான் கதாசிரியர்கள் வழக்கமாகக் கணக்கை மூடிவிடுகிறார்கள். நாணயம் கிடைத்துவிட்டது, இனிச் சண்டைக் காட்சிக்குப் போகலாம் என்று. ஆனால் இந்த நாணயத்தைத் தினந்தோறும் உரசித் தீர்க்கிறார்களே! அடுப்புக்கு ஒரு நாளைக்கு மூன்று குச்சி என்றால் 180 குச்சி போகிறது. முப்பது நாளில் 5,400. மிஞ்சியது 6,600. ராகி விளைவதும் விற்பதும் முன்போலவே இருந்தால், அதே சரக்கைச் சுற்றிப் பாதிக்குச் சற்று அதிகமான காசுதான் ஓடுகிறது. இருபது குச்சி விற்ற படி பதினொன்றுக்கு இறங்குகிறது.

விலை இறங்கினால் சந்தோஷம்தானே என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் முதல் நாள் 100 குச்சி கடன் வாங்கியவனைப் பாருங்கள். வாங்கியபோது அது ஐந்து படி ராகி. மாதம் கழித்துத் திருப்பும்போது அதே 100 குச்சிக்கு அவன் ஒன்பது படி விற்க வேண்டும். யாரும் வட்டி கேட்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அவன் அழிந்தான். என் கதைக்கு வில்லன் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் தேவையில்லை என்று தெரிந்தது.

குச்சி அருமையாக அருமையாக, மனிதர்கள் கெட்டிக்காரர்களாகிறார்கள். அணையாமல் கங்கைச் சாம்பலில் மூடி வைக்கிறார்கள். ஒரு வீட்டு நெருப்பைப் பத்து வீட்டுக்காரர்கள் தேங்காய்த் தொட்டியில் எடுத்துப் போகிறார்கள். பிளேடால் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார்கள். மழையில் நமுத்த குச்சியைக் கடையில் தள்ளிவிட்டு நல்லதை வீட்டில் ஒளிக்கிறார்கள். அந்தக் கைதி முகாமிலும் இப்படித்தான். சிகரெட்டை விரலிடுக்கில் உருட்டிக் கொஞ்சம் புகையிலையை உதிர்த்துக்கொண்டு, மெலிந்ததைக் கைமாற்றினார்களாம். நல்ல சிகரெட்டைப் புகைத்தார்கள். மட்டமானது சந்தையில் சுற்றியது. ஆகவே சந்தையில் நமுத்த குச்சியே வரத் தொடங்கினால், நல்ல குச்சி ஊரில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை; எங்கோ பானைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய், பாட்டரி, சவர்க்காரம் எல்லாம் போகாமல் தடுத்தபோது, அங்கிருந்தவர்கள் சின்னப் போத்தலுக்குள் பஞ்சை வைத்துத் துளி மண்ணெண்ணெயில் நனைத்து விளக்கெரித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். சொட்டுப் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் அங்கே பண்டமாற்றுக்கு ஊர் திரும்பிவிடவில்லை. ரூபாய் நோட்டே ஓடியது. ஆசிரியருக்கும் குமாஸ்தாவுக்கும் கொழும்பிலிருந்து சம்பளம் வந்துகொண்டிருந்தது ஒரு முக்கியமான காரணம். பொருள் தட்டுப்படுவது வேறு, பணம் சாவது வேறு. என் கதையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தேன். இரண்டு அத்தியாயத்தைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

தீக்குச்சிக் கணக்கை முடித்த கர்வத்தோடு அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் கடையைக் கூட்டிக்கொண்டே கேட்டார்.

"முந்நூறு பேரும் ஒரே மதிலுக்குள்ள இருக்கறாங்கன்னீங்களே தம்பி. தெனமும் மூஞ்சியப் பாத்துக்கறவங்க எதுக்குங் குச்சிய எண்ணீட்டு இருக்கறாங்க? நோட்டுல எழுதிக்க மாட்டாங்களா?"

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் நோட்டைக் காட்டினார். 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் ஒரே இரவில் செல்லாமல் போனபோது எங்கள் தெரு அந்த நோட்டில்தான் சாப்பிட்டது. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைச் சம்பளம் தள்ளித் தள்ளிப் போயிற்று. அத்தை பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போனார். ஒருவரும் அரிசிக்குப் பதில் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. தெரிந்தவர்களுக்குள் இருப்பது கடன். நாளைக்கு முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்கிற ஆளிடம்தான் இந்தக் கையில் கொடு, அந்தக் கையில் வாங்கு என்ற மாற்று.

ஆகவே என் முந்நூறு பேருக்குள் நோட்டை வைத்தேன். தீக்குச்சியை மதிலின் வாசலுக்கு நகர்த்தினேன். வெளியூரிலிருந்து வருகிறவனிடம் மட்டும் குச்சி. கதை அப்போதுதான் நடக்கத் தொடங்கியது. வாசலில் நிற்கிற அந்த வெளியூர்க்காரனை வர்ணிக்க உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை, அவன் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்ததால்.

2020 ஏப்ரல். ஊரடங்கு. கம்பெனிகள் மூடிக் கிடந்தன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒரே அறையில் ஆறு ஒடிசாப் பையன்கள் இருந்தார்கள். அத்தையின் நோட்டில் அவர்கள் பெயர் கிடையாது. ரயில் விட்டதும் போய்விடுகிறவர்கள் என்று அவர் எழுதவில்லை. அவரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு நாள் மத்தியானம் அவர்களில் ஒருவன் புது டேபிள் ஃபேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும். அரிசி என்று சொல்லி, இரண்டு கையையும் பத்து விரலாக விரித்துக் காட்டினான். பத்துக் கிலோ.

வீட்டில் இருபத்தைந்து கிலோ மூட்டை அப்படியே இருந்தது. நான் ஒரு கையை மட்டும் விரித்துக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேரம் பேசுகிற பழக்கம் என்று சொல்லிப் பார்க்கிறேன். அவன் மேலும் கேட்பான், ஏழு எட்டில் முடிக்கலாம் என்றிருந்தேனோ என்னவோ. அவன் கேட்கவில்லை. கேட்பதற்கு அவனிடம் வார்த்தை இல்லை. ஃபேனைக் கீழே வைத்துவிட்டு, ஐந்து கிலோவை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான். உருது தெரிந்த அந்த வெள்ளைக்காரர் சீக்கியர்களிடம் சம்பாதித்தது போல, ஒரு பாஷை தெரியாதவனிடம் நான் ஐந்து கிலோ அரிசி சம்பாதித்தேன்.

சாயங்காலம் மனைவி விஷயம் தெரிந்து ஒன்றும் பேசாமல் இன்னொரு ஐந்து கிலோவைக் கட்டிக் கொடுத்தாள். கொண்டுபோனேன். லைன் வீட்டில் அந்த அறை பூட்டியிருந்தது. நடந்தே கிளம்பிவிட்டார்கள் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார்.

அந்த அத்தியாயத்தில் வாசலில் நிற்பவனிடம் பேரம் பேசுகிற காவல்காரனுக்கு இதுவரையில் நான் பெயர் வைக்கவில்லை. ஃபேன் இந்த மேஜையின் மேல்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் மனைவி அதைப் போடுவதில்லை, நான்தான் போடுகிறேன்.