திரும்பி வந்த ஸகாத்



ஸகாத் நிறைவேற வேண்டுமானால் பொருள் அதற்கு உரியவரின் கைவசம் சேர வேண்டும். நம் கையை விட்டுப் போய்விட்டது என்பது மட்டும் போதாது. நாம் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய தொகையை, உரியவரைக் காண இயலவில்லை என்று அவர் நம்மிடமே திருப்பித் தந்துவிட்டால், கடமை மீண்டும் நம் தோளிலேயே நிற்கிறது. முற்காலத்தில் இதை அறிவதில் சிரமமில்லை. கொண்டு போனவர் வாசலில் வந்து நின்று சொல்லிவிடுவார். இன்று கொண்டு போகும் வேலையைக் கைப்பேசிச் செயலி செய்கிறது. அது கொண்டு போன பணம் திரும்பி வந்தால், ஸ்டேட்மெண்ட் எனப்படும் வங்கிக் கணக்கறிக்கையில் ஒரு வரி விழும், அவ்வளவே. அந்த வரியைப் படிக்காதவர், தம் ஸகாத் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்.

இது கற்பனையான அச்சமன்று. 2025 மார்ச் 26, புதன்கிழமை மாலை, நாடு முழுவதும் யுபிஐ சேவை தடைப்பட்டது. இடையிடையே ஏற்பட்ட தொழில்நுட்பச் சிக்கல்களே காரணம் என்று, யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அன்றே தெரிவித்தது. நம் நாட்டில் அது ரமளான் 25ஆம் நாள். ஆண்டு ஸகாத்தைக் கணக்கிட்டுப் பலரும் அனுப்பிக்கொண்டிருந்த நேரம். மறைமலை நகரில் தொழிற்சாலைப் பணியிலிருக்கும் சகோதரர் ஒருவர், கூடுவாஞ்சேரியில் வாடகை வீட்டில் பிள்ளைகளுடன் வாழும் கைம்பெண் ஒருவருக்கு 4,000 ரூபாய் அனுப்பியதும் அந்த மாலையில்தான். அவர் கணக்கில் பணம் கழிந்தது. செயலி ‘நிலுவையில்’ என்றது. அந்தச் சகோதரியோ தமக்கு ஒன்றும் வரவில்லை என்றார்.

இவ்வாறு நேர்வதன் காரணத்தை அறிந்துகொண்டால் பதற்றம் பாதியாகக் குறையும். யுபிஐ பரிமாற்றம் ஒரே அசைவாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் அது இரண்டு அசைவுகள். முதலில் அனுப்புபவரின் வங்கி அவர் கணக்கில் கழிக்கிறது. பிறகு பெறுபவரின் வங்கி அவர் கணக்கில் வரவு வைக்கிறது. முதல் அசைவு முடிந்து, இரண்டாவது வங்கியிடமிருந்து உரிய நேரத்தில் பதில் வராவிட்டால், பணம் நடுவழியில் நிற்கும். அந்த நிலையில் அது பின்னர் உரியவருக்குச் சேரவும் கூடும், நமக்கே திரும்பவும் கூடும். ஆகவே அந்த நிமிடமே இரண்டாம் முறை அனுப்புவது முறையன்று. இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டால் திருப்பிக் கேட்கும் சங்கடம் வரும். அதுவும் ஏழையிடம்!

எத்தனை நாள் பொறுப்பது என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வகுத்திருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று அது வெளியிட்ட சுற்றறிக்கை அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு யுபிஐ வழியாக அனுப்பியது சேராவிட்டால், பெறுபவரின் வங்கி அதை அடுத்த நாளுக்குள் தானாகத் திருப்பிவிட வேண்டும். கடையில் செலுத்தியது கடைக்காரருக்கு உறுதியாகாவிட்டாலோ, ஏடிஎம் இயந்திரம் பணம் தராமல் கணக்கில் மட்டும் கழித்துவிட்டாலோ, ஐந்து நாள்கள். நாள் எண்ணுவது நாட்காட்டிப்படி. வங்கி விடுமுறை என்று கழித்துக்கொள்ள இடமில்லை. வரம்பு கடந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் புகார் செய்யும் வரை காத்திராமல் வங்கியே வரவு வைக்க வேண்டும். நம்மவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிற்பகுதியைக் கேள்விப்பட்டதேயில்லை.

நம் சகோதரரின் காரியத்தில் மார்ச் 26 பரிமாற்ற நாள். 27 முடிவதற்குள் பணம் திரும்பியிருக்க வேண்டும். 27ஆம் நாள் தராவீஹ் முடிந்ததும் அவர் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், பணம் திரும்பிருச்சு. பேலன்ஸ் பழையபடி 18,640 இருக்கு. இப்பவே மறுபடி அனுப்பிடட்டுமா?” என்றார். கணக்கறிக்கையைத் திறக்கச் சொன்னோம். 26ஆம் நாள் 18,640இலிருந்து 4,000 கழிந்து 14,640 ஆகியிருந்தது. 27ஆம் நாள் 4,000 வரவாகி மீண்டும் 18,640 என்றிருந்தது. பார்க்கிற எவரும் திரும்பிவிட்டது என்றே கொள்வர்.

ஆயினும் தொகை ஒத்திருப்பது சான்றாகாது. ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண் ஒன்று உண்டு. செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் UTR அல்லது UPI Transaction ID என்ற பெயரில் அது தெரியும். கணக்கறிக்கையில் விவரப் பத்தியின் நடுவே இருக்கும். பணம் திரும்பும்போது வரும் வரவு வரி இந்த எண்ணையே சுமந்து வரும். உடன் REV, RVSL, RET போன்ற ஒரு குறி இருக்கும். குறி வங்கிக்கு வங்கி மாறும். எண்ணே நமக்கு ஆதாரம். இன்னுமொரு அடையாளமும் உண்டு. பெரும்பாலும் அந்த எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்று இலக்கங்கள் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் அமையும். மார்ச் 26 என்பது 2025இன் 85ஆம் நாள். ஆகவே அவர் அனுப்பிய எண் 5085 என்று தொடங்கியது. 27ஆம் நாள் வந்த 4,000த்தின் எண்ணோ 5086 என்று தொடங்கியது. விவரத்தில் UPI/CR என்ற குறியும் அவர் தம்பியின் பெயரும் இருந்தன. பெருநாள் உடுப்புக்காகத் தம்பி அனுப்பிய பணம் அது! தொகை ஒன்றாக அமைந்தது தற்செயல்.

ஸகாத் பணம் இன்னும் நடுவழியில்தான் இருந்தது. கூடுவாஞ்சேரிச் சகோதரியிடமும் குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல் கணக்கறிக்கையைப் பார்க்கச் சொன்னோம், ஏனெனில் குறுஞ்செய்தி தாமதமாகலாம், வராமலும் போகலாம். பிள்ளை ஒருவன் பார்த்துச் சொன்னான்: வரவில்லை.

மறுநாள், 28ஆம் நாள், வரம்பு கடந்துவிட்டமையால், அவர் செயலியில் அந்தப் பரிமாற்றத்தின் கீழேயே புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டார். இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களை அழைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். பணம் நமக்குத் திரும்புவதற்கு இரகசிய எண் எதுவும் தேவையில்லை. அதைக் கேட்பவன், எந்தப் பெயரைச் சொன்னாலும் திருடனே.

29ஆம் நாள் சனிக்கிழமை பிற்பகலில் 4,000 ரூபாய் வரவானது. எண் 5085 என்று தொடங்கியது. பன்னிரண்டு இலக்கங்களும் இலக்கத்துக்கு இலக்கம் பொருந்தின. அந்த நேரத்திலேயே ஸகாத் கொடுக்கப்படவில்லை என்பது உறுதியாயிற்று. அன்றிரவே ஸகாத்தின் நிய்யத்தோடு மறுபடி அனுப்பினார். இம்முறை சகோதரியின் கணக்கில் வரவு விழுந்ததைக் கேட்டறிந்த பின்னரே தம் குறிப்பேட்டில் நிறைவேறியதாக எழுதினார். திங்கட்கிழமை, 31ஆம் நாள், பெருநாள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே குர்ஆனில் மிக நீளமான வசனம் (அல்பகரா 282) என்பதை ஓதுகிற பிள்ளைகளும் அறிவர். ஸகாத் குறிப்பேட்டில் தொகைக்கும் பெயருக்கும் பக்கத்தில் இந்தப் பன்னிரண்டு இலக்கத்தையும் எழுதுமாறு நம் மதரஸாவுக்கு வருவோரிடம் சொல்லி வருகிறோம்.

எஞ்சியது இழப்பீடு. 27க்குள் வர வேண்டியது 29இல் வந்தது. தாமதம் இரண்டு நாள், இழப்பீடு 200 ரூபாய். அது தானாக வரவில்லை. வங்கியின் பெயர் இங்கு வேண்டாம். அவர் கிளைக்குச் சென்று, பரிமாற்ற எண், கழிந்த நாள், திரும்பிய நாள், மேற்சொன்ன சுற்றறிக்கையின் தேதி ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினார். மூன்றாம் வாரத்தில் 200 ரூபாய் வரவானது. வந்திராவிட்டால், புகார் கொடுத்து 30 நாள்கள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிட்டிருக்கலாம். 14448 என்ற எண்ணில் விளக்கமும் கேட்கலாம்.

இந்த வரம்பும் இழப்பீடும், வாடிக்கையாளர் காரணமாகாத தோல்விகளுக்கே உரியவை. தவறான யுபிஐ முகவரிக்கோ வேறொருவர் எண்ணுக்கோ அனுப்பிவிட்டால், பரிமாற்றம் வெற்றியே பெற்றுவிட்டது. அங்கே தானாகத் திரும்புதல் இல்லை. பெற்றவரின் சம்மதத்தை நாடி வங்கி வழியாகக் கேட்க வேண்டியதுதான். பெற்றவர் நாமாக இருந்தால் அது அமானிதம். கேட்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

“ஹஜ்ரத், இந்த 200 வட்டியாகுமா?” என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. 50 ரூபாய் தாமதித்தாலும் 50,000 தாமதித்தாலும் நாளுக்கு அதே 100 ரூபாய்தான், தொகைக்கேற்ப வளர்வதில்லை. கடன் கொடுத்து ஈட்டியதுமன்று. பணி தவறியதற்காக ஒழுங்குமுறை அமைப்பு விதித்தது. இதனால் வட்டியினின்றும் இது வேறுபடுகிறது என்று சொல்ல இடமுண்டு. ஆனால் தாமதத்துக்காகத் தம் பணத்துக்கு மேல் பெறுவது என்ற வடிவம் இதில் இருப்பதால், பேணுதலை நாடுவோர் தயங்குவதும் புரிகிறது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான அயோஃபி தரநிலைகள்கூட, கடனைத் தாமதிப்பவரிடம் பெறும் தொகையைக் கடன் கொடுத்தவர் வைத்துக்கொள்ளாமல் அறக்காரியத்துக்குத் தர வேண்டும் என்கின்றன. ஃபத்வா கொடுக்கும் இடத்தில் நாம் இல்லை. தத்தம் ஜமாஅத்தின் முஃப்தியிடம் கேட்டுக்கொள்க. அவர் அந்த 200 ரூபாயைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தெருவில் மருந்துச் செலவுக்கு அல்லாடிய ஒருவருக்குக் கொடுத்தார். ஸகாத் பக்கத்தில் அதை எழுதவில்லை.